சந்தையின் தளம்பலுக்குச் சமன்செய்த வருவாய்: ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். முதலீட்டுப் பாடக் குறிப்பொன்றைத் தமிழாக்கும்போது ஓர் அளவீட்டில் வந்து நின்றுவிட்டேன். ஒரு நிதியத்தின் தளம்பல் சந்தையின் தளம்பலுக்குச் சமமாக இருந்திருந்தால் அது எவ்வளவு வருவாய் தந்திருக்கும் என்று கணித்து, அந்தச் சதவீதத்தைச் சந்தையின் வருவாயோடு நேரே ஒப்பிடுவதே இது. பொருளியலாளர் பிராங்கோ மொடிக்லியானியும் அவருடைய பேத்தி லியாவும் 1997 இல் முன்வைத்ததால் M2 என்றும் வழங்குகிறது. கீழுள்ள சூத்திரத்தில் rf என்பது திறைசேரி உண்டியல் போன்ற இடரற்ற முதலீட்டின் வட்டி, rp நிதியத்தின் வருவாய், σp நிதியத்தின் நியம விலகல், σm சந்தையின் நியம விலகல். தளம்பலை அளப்பது இந்த நியம விலகலே.

```
M2 = rf + (rp − rf) × σm / σp
```

"இடர்நேர்வு சீராக்கிய வருவாய்" என்பது இவ்வகை அளவீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஆகவே "சந்தைமட்ட வருவாய்" என்று எழுத எண்ணியிருக்கிறேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சுண்டுக்குளி

சந்தை தந்த அளவுக்குக் கிடைத்த வருவாய் என்றே நான் விளங்கிக்கொண்டேன். என்னுடைய நிதியம் 20 சதவீதம் தந்தது. அதன் நியம விலகல் 30. அதே காலத்தில் சந்தை 14 சதவீதம் தந்தது, அதன் நியம விலகல் 20. திறைசேரி உண்டியலுக்கு வட்டி 8. சூத்திரத்தில் இட்டால் 16 வருகிறது. மீதி 4 சதவீதம் முகாமைக் கட்டணமாகக் கழிந்ததா?

நிதியியல் விரிவுரையாளர், திருநெல்வேலி

ஐயா, உங்கள் காசு எதுவும் கழியவில்லை. 20 சதவீதமும் உங்களுடையதே. உங்கள் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நிதியத்திலும் மிகுதியைத் திறைசேரி உண்டியலிலும் இட்டிருந்தால் தளம்பல் 30 இலிருந்து 20 ஆக, அதாவது சந்தையின் அளவுக்கு, இறங்கியிருக்கும். அப்போது கிடைத்திருக்கும் வருவாய்தான் 16. சந்தையின் 14 உடன் ஒப்பிட்டால் நிதியம் 2 புள்ளிகள் மேலே நிற்கிறது.

இப்போது 13 சதவீதம் மட்டுமே தந்து, 10 மட்டுமே தளம்பிய இன்னொரு நிதியத்தை எடுங்கள். அதற்கு 18 வருகிறது. கண்ணுக்குச் சந்தையிலும் குறைவாகத் தெரிந்த நிதியம் உங்களுடையதையும் முந்துகிறது. இந்த அளவீட்டின் பயனே இங்குதான் இருக்கிறது.

உங்களுக்கு வந்த ஐயமே "சந்தைமட்டம்" என்ற சொல்லின் குறையைக் காட்டிவிட்டது. எது சமப்படுகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். சமப்படுவது தளம்பல். "நிறைகுடம் தளம்பாது" என்று சொல்லிப் பழகிய நமக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

வர்த்தகப் பாட ஆசிரியை, சாவகச்சேரி

புவியியலில் "சமவுயரக் கோடு" என்கிறோம். அதைப்போல "சமதளம்பல் வருவாய்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிது. சந்தையோடு சேர்ந்து நிதியம் எவ்வளவு அசைகிறது என்ற பீட்டாவைத்தானே இங்கு சமப்படுத்துகிறோம்? "வருவாய்" என்பதற்குச் சிலர் "திரும்பல்" என்று எழுதுகிறார்கள். கணக்கீட்டில் உட்திரும்பல், வெளித்திரும்பல் என்றால் திருப்பிய சரக்கு. ஆகவே அது வேண்டாம்.

நிதியியல் விரிவுரையாளர், திருநெல்வேலி

சொல் மிக நன்று, ரீச்சர். "திரும்பல்" பற்றியும் உடன்படுகிறேன். பீட்டா மட்டும் இங்கு வராது. பீட்டா சந்தையோடு சேர்ந்த அசைவை மட்டுமே அளக்கும். இங்கு வகுப்பது நிதியத்தின் மொத்த நியம விலகலால். இரண்டும் பெரிதும் வேறுபடலாம், குறிப்பாக ஒரே துறைப் பங்குகளை வைத்திருக்கும் நிதியத்தில்.

சொல்லோடு இரண்டு எச்சரிக்கைகளையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். மேலே 18 வந்த நிதியத்தைச் சந்தையின் தளம்பலுக்கு உயர்த்த, கைப்பணத்தின் அளவுக்குக் கடன் பெற்று அதிலேயே இட வேண்டும். 8 சதவீதத்தில் கடன் கிடைத்தால்தான் 18. நமக்குக் கடன் 14 சதவீதத்தில் கிடைத்தால், இருமடங்கு 13 ஆன 26 இலிருந்து 14 போக 12 தான் மிஞ்சும். சந்தையின் 14 ஐயும் அது எட்டாது.

மற்றது, நிதியத்தின் வருவாய் திறைசேரி வட்டியிலும் குறையும் காலம். 2022 இன் இறுதியில் இலங்கையில் உண்டியல் வட்டி 30 சதவீதத்தை ஒட்டி இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய ஆண்டில் இரு நிதியங்கள் 10 சதவீதமே தந்தன என்றும் ஒன்று 10, மற்றது 40 தளம்பியது என்றும் கொள்வோம். சந்தையின் தளம்பல் 20 எனில், அமைதியான நிதியத்துக்கு −10, கடுமையாகத் தளம்பியதற்கு +20 வரும். விடை தலைகீழாகிவிடுகிறது. அப்போது இந்த எண்ணால் தரவரிசை போடக்கூடாது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சுண்டுக்குளி

இப்போது விளங்குகிறது. ஆனால் எதனோடு சமம் என்று "சமதளம்பல்" சொல்லவில்லையே?

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

உண்மை. முதல் இடத்தில் "சந்தைச் சமதளம்பல் வருவாய்" என்று முழுமையாகவும் பிறகு சுருக்கியும் எழுதுகிறேன். தமிழகத்து வாசகர்களுக்கும் குறிப்பு போவதால், நியம விலகலை அவர்களுடைய "திட்டவிலக்கம்" என்ற சொல்லோடு இணைப்பதா, இங்குள்ள சொல்லையே வைப்பதா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை, கருத்துரைக்க வேண்டுகிறேன்.