கோட்டுக்கும் பரவளையத்துக்கும் நடுவே சென்ட்ராய்டு: எனக்கு 0.9, விடை 1.6

சத்துவாச்சாரி மாணவி:
y = x + 2 என்ற கோடும் y = x² என்ற பரவளையமும் x = −1, x = 2 ஆகிய இடங்களில் வெட்டுகின்றன. நடுவில் அடைபடும் பரப்பு 4.5. x̄ = 0.5, விடையோடு ஒத்துப்போகிறது. ȳ மட்டும் உதைக்கிறது. நான் போட்டது:

```
ȳ = (1/2) ∫ (x + 2 − x²)² dx ÷ 4.5
```

மூன்று முறை போட்டும் 0.9தான். (0.5, 0.9) பரப்புக்கு உள்ளேதான் விழுகிறது, அதனால் தப்பு பிடிபடவில்லை.

காட்பாடிக்காரன்:
x̄ எப்போதும் வெட்டுப்புள்ளிகளின் நடுவில்தான் வரும், தொகையிடவே வேண்டாம். ȳயும் அப்படித்தான் தங்கச்சி. x = 0.5இல் பரவளையம் 0.25, கோடு 2.5. நடு 1.375. புத்தகத்தில் அச்சுப்பிழை.

ராணிப்பேட்டை பட்டறை:
எனக்கும் இதே பிரச்சினை. கேட்டுக்கு மேலே வைக்கும் வளைவு. வளைத்த கம்பியும் அடியில் நேர்க்கம்பியும். அடியிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் கொக்கி மாட்டிப் படுக்கைவசமாகத் தூக்கினால் சாய்கிறது.

ஆற்காடு கணக்கு ஆசிரியர்:
அச்சுப்பிழை இல்லை. x இடத்தில் ஒரு மெல்லிய செங்குத்துப் பட்டையை எடுத்துக்கொள்ளம்மா. அதன் நீளம் x + 2 − x². ஆனால் அதன் நடு இருக்கும் உயரம் (x + 2 + x²)/2. இரண்டையும் பெருக்கினால்:

```
(1/2) ∫ [(x + 2)² − x⁴] dx = (1/2)(21 − 6.6) = 7.2
7.2 ÷ 4.5 = 1.6
```

நீ வித்தியாசத்தையே வர்க்கப்படுத்திவிட்டாய். எல்லாப் பட்டைகளையும் x அச்சின் மேல் இறக்கி வைத்த மாதிரி அது. ஆனால் அந்த 0.9 வீண் இல்லை. பட்டைகள் கோட்டிலிருந்து கீழே தொங்குவதாக நினைத்துப் பார். சென்ட்ராய்டு கோட்டுக்குக் கீழே எவ்வளவு என்பதுதான் அது. x = 0.5இல் கோடு 2.5; 2.5 − 0.9 = 1.6.

தம்பி, x̄ பற்றிச் சொன்னது சரி. ஆனால் 1.375 அந்த ஒரு பட்டையின் நடு மட்டுமே. ஓரப் பட்டைகளின் நடு x = −1 பக்கம் 1, x = 2 பக்கம் 4; சராசரி மேலே ஏறுகிறது. 0.25 முதல் 2.5 வரை உள்ள தூரத்தை 3:2 ஆகப் பிரித்தால் அதே 1.6 வரும். இந்த விகிதத்தை ஆர்க்கிமிடீஸ் அப்போதே நிறுவிவிட்டார்.

பட்டறைக்கார ஐயா, உங்களுடையது வேறு கணக்கு. இந்த விகிதம் தகட்டுக்குத்தான். கம்பியில் எடை ஓரத்தில் மட்டுமே இருப்பதால் நீளத்தை வைத்துப் போட வேண்டும். அகலம், உயரம் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி மாணவி:
பழைய காலண்டர் அட்டையில் ஒரு அலகு 5 செ.மீ. என்று வைத்து வெட்டிப் பார்த்தேன் சார். பேனா முனையில் 0.9 புள்ளியை வைத்ததும் சரிந்து விழுந்தது. 1.6இல் கொஞ்சம் ஆடி, அப்புறம் நின்றுவிட்டது!

ராணிப்பேட்டை பட்டறை:
அகலம் 8 அடி, உயரம் 2 அடி. ஆனால் கண் பார்வைக்கு வளைத்தது சார், பரவளையம்தானா என்று எனக்கே தெரியாது.