நான்கு வயதுக் குழந்தைக்கு ஜிக்சா: எங்கே கை கொடுப்பது?

மழைத்தூறல்: மகனுக்கு நான்கு வயது. 24 துண்டு ஜிக்சாவில் இரண்டு துண்டு வைப்பான், அப்புறம் "நீயே வை" என்று தள்ளிவிடுவான். வைத்துக் கொடுத்தால் எழுந்து போகிறான், கொடுக்காவிட்டால் அழுகை. எவ்வளவு உதவலாம்?

கறார்க்காரன்: உதவவே கூடாது. தானே தட்டுத்தடுமாறிக் கற்றதுதான் நிற்கும். அழுதால் அழட்டும்.

மரக்கட்டை: தானே செய்ததுதான் நிற்கும், சரி. ஆனால் எங்கே தொடங்குவதென்றே பிடிபடாத குழந்தை தட்டுத்தடுமாறுவதில்லை, விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளைப் பிரமிடாக அடுக்கினார்கள். 3 வயதுக்காரர்களை வேலையை விட்டுப் போகாமல் பிடித்துவைப்பதே கற்றுத்தந்தவருக்குப் பெரும்பாடு. 5 வயதுக்காரர்களுக்கோ "இது சரிதானே?" என்றால் ஆமாம் போட ஓர் ஆள் போதும்.

மழைத்தூறல், முதலில் "அடுத்து எது?" என்று மட்டும் கேளுங்கள். தவறினால் "ஒரு பக்கம் நேராக இருக்கிற துண்டைத் தேடு" என்று சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லையா, துண்டை விரலால் காட்டுங்கள். அப்புறமும் முடியாவிட்டால் சரியான பக்கம் திருப்பி, இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்களே பொருத்திக் காட்டுவது கடைசி. முக்கியமானது இதற்குப் பிறகுதான்: அவன் ஒன்றைச் சரியாக வைத்ததும் அடுத்த துண்டுக்கு ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். காட்டிய இடத்திலேயே நின்றுவிட்டால், உங்கள் விரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவான்.

ராத்திரிப்பூனை: ஒன்பதாம் வகுப்பு மகளுக்குக் கணக்கில் ஒவ்வொரு வரியாகச் சொல்லித்தருகிறேன். என்னெதிரே எல்லாம் சரியாகப் போடுகிறாள், தேர்வில் கோட்டை விடுகிறாள். ஜிக்சா வாங்கித் தரலாமா?

மரக்கட்டை: ஜிக்சா வேண்டாம் :) முதல் வரியை அவளையே எழுதச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். சிக்கினால் மட்டும் பேசுங்கள்.

மழைத்தூறல்: நேற்று செய்து பார்த்தேன். ஓரத்துண்டுகளை ஏறக்குறைய அவனே வைத்தான். ஆனால் துண்டைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறான்.

மரக்கட்டை: முகத்தில் விடை தெரிகிறது போல. நீங்களும் பெட்டி மேலிருக்கும் படத்தையே பாருங்கள், அவன் கண்ணும் அங்கே போகும். அவன் கை துண்டைத் திருப்பிக்கொண்டிருக்கும் வரை பேச வேண்டாம், யோசிக்கிறான் என்று அர்த்தம்.

கறார்க்காரன்: ஒரு குழந்தைக்கு இதெல்லாம் சரி. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் யார் துண்டு துண்டாகப் படி ஏறி இறங்குவது?

மரக்கட்டை: நியாயமான கேள்விதான். தவறினால் ஒரு படி கூட்டு, சரியானால் ஒரு படி குறை என்ற இந்த விதியைப் பயிற்சி எடுத்துக்கொண்டு ஆய்வுகளில் கற்றுத்தந்தவர்களே, ஒரே ஒரு குழந்தை எதிரில் இருந்தும், எல்லா நேரமும் அதன்படி நடக்கத் திணறியிருக்கிறார்கள். முப்பது பேருக்கு என்னிடமும் வழியில்லை.

கறார்க்காரன்: அதைத்தானே சொன்னேன்.

மழைத்தூறல்: நடுவில் வானம் மட்டும் எட்டுத் துண்டு, எல்லாம் ஒரே நீலம். அதற்கு என்ன சொல்லித் தேடச் சொல்வது?