புதுப்பிப்பு: மெயில் செயலியில் கடவுச்சொல் தானாக நிரம்பாத சிக்கல்

"பிரவுசரில் கடவுச்சொல் மேலாளர் ஒழுங்காக நிரப்புகிறது, ஆண்ட்ராய்டில் மெயில் செயலியின் உள்நுழைவுத் திரையில் மட்டும் நிரப்புவதில்லை. ஏன்?" (சென்ற வாரம் நான் கேட்டது)

காரணம் தெரிந்துவிட்டது. தானியங்கு நிரப்பும் சேவை அணைந்திருக்கும் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. அமைப்புகளில் அது ‘எதுவுமில்லை’ என்றே இருந்தது. மேலாளரை மீண்டும் தேர்ந்தெடுத்ததும் முதல் திரையில் மின்னஞ்சல் முகவரி நிரம்பியது. ஆனால் ‘அடுத்து’ என்பதைத் தொட்டபின் வரும் கடவுச்சொல் பெட்டி காலியாகவே நின்றது.

அந்த இரண்டாம் திரை செயலிக்குள் திறக்கும் வலைப்பக்கம் என்பதையும், அங்கே மேலாளர் செயலியின் பெயரைப் பாராமல் தள முகவரியையே ஒப்பிடுகிறது என்பதையும் விளக்கியவருக்கு மிக்க நன்றி. பெட்டியை அழுத்திப் பிடித்து மேலாளரைத் திறந்தபோது, அதன் தேடல் கட்டத்தில் `login.example.com` என்று தெரிந்தது (முகவரிகளை மாற்றி எழுதியுள்ளேன்). மேலாளரில் நான் சேமித்திருந்த பதிவிலோ `mail.example.com` மட்டுமே இருந்தது. முகவரிப் பொருத்தமும் ‘துல்லியம்’ என வைத்திருந்தேன். பொருத்தத்தைத் தளர்த்தினால் அந்நிறுவனத்தின் எல்லாத் துணைத்தளங்களிலும் கடவுச்சொல் முன்வைக்கப்படும் என்பதால் அதைத் தொடவில்லை. அந்தப் புதிய முகவரி அந்நிறுவனத்துடையதுதானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே, அதைப் பதிவில் இரண்டாவது முகவரியாகச் சேர்த்தேன். உடனே நிரம்பியது.

வங்கிச் செயலியைப் பற்றிக் கேட்டவரின் சிக்கல் வேறாக இருக்கலாம்; செயலியே அந்தப் பெட்டியை நிரப்புதலிலிருந்து விலக்கியிருந்தால், முகவரி சேர்ப்பதால் பயனில்லை.

எனக்கு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது: சில நேரங்களில் பெட்டியை இரண்டாம் முறை தொட்டால்தான் பரிந்துரை தோன்றுகிறது.