ஓராண்டு லாபத்தைப் பார்த்து ஃபண்ட் வாங்கலாமா?

யீஷூன் வாசு: ஓய்வுக்காலத்துக்கென எஸ்ஆர்எஸ் கணக்கில் சேர்க்கும் பணத்தில் வாங்க இரண்டு யூனிட் டிரஸ்ட் ஃபண்ட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கடந்த ஓராண்டில் 38% தந்திருக்கிறது, இன்னொன்று 11%. 38% தந்ததை வாங்குவதுதானே சரி?

தேக்கா ரவி: வாங்குங்க. ஒரே வருஷத்தில் 38% கொண்டுவந்த மேனேஜருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு எதற்கு? அப்போது இருந்த மேனேஜரே இப்போது இருக்க மாட்டார்.

உட்லண்ட்ஸ் மீனா: எதுவானாலும் டிசம்பர் 31க்குள் வாங்கிவிடுங்க, இல்லாவிட்டால் வரிச்சலுகை போய்விடும். நானும் போன வருஷம் பட்டியலில் மேலே இருந்ததைத்தான் வாங்கினேன், இன்றைக்கும் லாபத்தில்தான் இருக்கிறது.

ஜூரோங் செல்வம்: மீனா அக்கா, டிசம்பர் 31க்குள் பணம் எஸ்ஆர்எஸ் கணக்குக்குள் போனால் போதும். ஃபண்டைப் பிறகு நிதானமாக வாங்கலாம். சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி 0.05%தான், அதனால் வருஷக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். ஆனால் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய அவசரமும் இல்லை.

வாசு, அந்த 38% எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்க. அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ்&பி 500 குறியீட்டையே எடுத்துக்கொள்வோம், டிவிடெண்ட் இல்லாமல். 2020 பிப்ரவரி 19 அன்று அது 3,386. கொரோனா பயத்தில் மார்ச் 23 அன்று 2,237க்கு விழுந்தது. அடுத்த ஆண்டு 2021 பிப்ரவரி 19 அன்று 3,907. அன்றைக்கு ஓராண்டு லாபம் சுமார் 15%. ஒரு மாதம் கழித்து மார்ச் 23 அன்று குறியீடு 3,910, ஏறக்குறைய அதே இடம்தான். ஆனால் ஓராண்டு லாபம் சுமார் 75% என்று காட்டியது!

அந்த ஒரு மாதத்தில் மேனேஜர் யாரும் புத்திசாலி ஆகிவிடவில்லை. கணக்குத் தொடங்கும் தேதி உச்சத்திலிருந்து பள்ளத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். 75% பார்த்து அன்று நுழைந்தவருக்கு அடுத்த ஓராண்டில் கிடைத்தது சுமார் 14%.

தேக்கா ரவி: அது குறியீடு, எல்லா ஃபண்டும் சேர்ந்துதான் ஏறியிருக்கும். நான் கேட்பது, ஒரே சமயத்தில் மற்ற ஃபண்டுகளை மிஞ்சி முதலிடத்தில் நிற்பவரைப் பற்றி.

ஜூரோங் செல்வம்: நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஆர்க் இன்னொவேஷன் ஃபண்டைப் பாருங்க. 2020இல் சுமார் 150% ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பெரும் பணம் உள்ளே வந்தது. 2021இல் 23% வீழ்ச்சி, 2022இல் ஏறக்குறைய 67%. 2021 தொடக்கத்தில் 10,000 டாலர் போட்டவரிடம் இரண்டு வருஷம் கழித்து சுமார் 2,500 மிச்சம். மேனேஜர் மாறவில்லை, வாங்கும் பாணியும் மாறவில்லை. 2020இல் எந்த வகைப் பங்குகளை எல்லாரும் துரத்தினார்களோ, அவற்றையே அது நிறைய வைத்திருந்தது. அப்புறம் வட்டி ஏறியதும் அதே பங்குகள்தான் முதலில் விழுந்தன. முதலிடம் பெரும்பாலும் எந்தத் துறைக்கு அந்த வருஷம் நல்ல காலம் என்பதைத்தான் சொல்கிறது.

மீனா அக்கா, உங்கள் ஃபண்ட் லாபத்தில் இருப்பது சந்தோஷம். அதே காலத்தில் அதன் ஒப்பீட்டுக் குறியீடு எவ்வளவு ஏறியது என்றும் பாருங்க, ஃபேக்ட்ஷீட்டிலேயே பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

உட்லண்ட்ஸ் மீனா: இப்போதுதான் பார்த்தேன். குறியீடு என் ஃபண்டைவிட 4% கூடுதலாக ஏறியிருக்கிறது. இருந்தாலும் விற்கப் போவதில்லை.

பிடோக் நாதன்: ஓராண்டு லாபத்தை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். 1997இல் கார்ஹார்ட் என்ற நிதித்துறை ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், கடைசி வரிசையில் கிடக்கும் ஃபண்டுகள் அடுத்த வருஷமும் அங்கேயே கிடக்கும் போக்கு தெரிந்தது. மோசமானதைக் கழிக்க அது உதவும்.

ஜூரோங் செல்வம்: அது சரிதான், நாதன் சார். ஆனால் அதே ஆய்வில் மேலே இருந்தவர்களின் முன்னிலைக்குத் திறமை பெரிய காரணமாகத் தெரியவில்லை. அவர்கள் கையில் இருந்த பங்குகளின் வேகம் கொஞ்ச காலம் நீடித்தது, செலவும் ஒரு காரணம். கழிப்பதற்கு என்றால் ஆண்டுக் கட்டணத்தையே பார்க்கலாம், அது அடுத்த வருஷமும் நிச்சயம் வரும்.

தேக்கா ரவி: கொஞ்ச காலம் நீடித்தது என்கிறீர்களே, அது போதாதா? ஒரு வருஷம் வைத்திருந்து மாற்றிவிடலாம்.

ஜூரோங் செல்வம்: ஒவ்வொரு முறையும் விற்பனைக் கட்டணம் கட்டினால் அந்த ஆதாயம் அதிலேயே கரையும். கட்டணமே இல்லாத தளத்தில் செய்தால் கணக்கு எப்படி வரும் என்பதில் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வாசு, இரண்டு ஃபண்டுக்கும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டின் லாபத்தையும் அதனதன் குறியீட்டோடு வரிசையாக எழுதுங்க, 2022ஐ விடாமல். 38% எல்லாம் ஒரே ஆண்டில் வந்ததா என்று தெரிந்துவிடும்.

யீஷூன் வாசு: எழுதிப் பார்த்தேன். 38% ஃபண்ட் அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் மூன்றில் குறியீட்டுக்குக் கீழே. 11% ஃபண்ட் குறியீட்டை ஒட்டியே போகிறது, கட்டணமும் பாதிதான். ஐந்து ஆண்டு போதுமா, பத்து வேண்டுமா?

பிடோக் நாதன்: ஐந்து போதும்.

ஜூரோங் செல்வம்: எனக்கு ஐந்து போதாது. ஒரு பெரிய வீழ்ச்சியாவது அதற்குள் இருக்க வேண்டும்.