அரை தம்ளர் உளுந்துக்குக் கிரைண்டரா?

*குழு: பினாங்கு வீட்டார்*

சனிக்கிழமை

கவிதா (காலை 9.12): எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கும் இட்லி தட்டையாக, கெட்டியாக வந்திருக்கிறது. மிக்சியில்தான் அரைக்கிறேன். தங்கச்சி அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள், மேசைக் கிரைண்டர் ஒன்று தூக்கிவரவா என்று கேட்கிறாள். நாங்கள் மூன்றே பேர். வாங்கலாமா, வேண்டாமா?

சித்தப்பா (9.15): நம் வீட்டு மிளகாய்த்தூளுக்கு மிக்சியே போதும் கவிதா. கிரைண்டர் எதற்கு?

கவிதா (9.16): மாவுக்கு சித்தப்பா, இட்லி மாவுக்கு 😄

சுரேஷ் அண்ணன் (9.21): மிக்சியில் மாவு சூடாகிவிடும், அதுதான் காரணம். உன் மிக்சி எத்தனை வாட்? 500 என்றால் திணறும். 1000 வாட்டாக வாங்கு, சூடே ஆகாது.

லதா (9.30): எங்கள் கொண்டோவில் நான் ராத்திரி பத்து மணிக்குக் கிரைண்டர் போட்டேன். கீழ் வீட்டு ஆன்டி செக்யூரிட்டியையே அனுப்பிவிட்டார். இப்போது அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, சாயங்காலமே முடித்துவிடுகிறேன். வாங்கினால் அதையும் சேர்த்து வாங்கு.

பெரியம்மா (9.48): கவி, முதலில் ஒன்று சொல். ஒரு தடவைக்கு எவ்வளவு உளுந்து ஊற வைக்கிறாய்?

கவிதா (9.50): அரை தம்ளர் உளுந்து, இரண்டு தம்ளர் இட்லி அரிசி. 25 இட்லி அளவுக்கு வரும். பாதி இட்லி, மீதி தோசை.

பெரியம்மா (9.58): அப்படியென்றால் கிரைண்டர் உன் பிரச்சினையைத் தீர்க்காது. கோயில் சமையலுக்கு வருஷக்கணக்கில் மாவு ஆட்டியவள் சொல்கிறேன். இரண்டு லிட்டர் கிரைண்டரில் அரை தம்ளர் உளுந்து போட்டால் மாவு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், குழவி வெறும் கல்லில் உருளும். நீ பக்கத்திலேயே நின்று கரண்டியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தம்ளராவது இருந்தால்தான் கல்லும் குழவியும் மாவைப் பிடிக்கும். அதற்கு நாலு தம்ளர் அரிசி. 50 இட்லிக்கு மேல் வரும். மூன்று பேர் எத்தனை நாள் சாப்பிடுவீர்கள்?

கவிதா (10.01): வியாழக்கிழமை வரைக்கும் ஃப்ரிட்ஜில் கிடக்கும் 🙈 அதற்குள் புளித்துவிடும்.

சுரேஷ் அண்ணன் (10.03): அதனால்தான் பெரிய மிக்சி என்கிறேன்.

பெரியம்மா (10.11): சுரேஷ், நீ சொன்னதில் பாதி சரி. சூடுதான் வில்லன். ஆனால் பிளேடு வேகமாகச் சுற்றி மாவை வெட்டுகிறதல்லவா, அந்த உராய்வில்தான் சூடு வருகிறது. வாட் கூடினால் அரிசி திணறாமல் சீக்கிரம் அரையும், உளுந்துக்கு அது பெரிய லாபமில்லை. கல் மெதுவாக உருண்டு நசுக்கும், அந்த நேரத்தில் உளுந்து தண்ணீரையும் காற்றையும் இழுத்துக்கொண்டு பஞ்சாகும். மிக்சியில் அந்த உப்பலைக் கொஞ்சமாவது காப்பாற்ற வேண்டுமானால் மாவைக் குளிர வைத்திருக்க வேண்டும்.

கவிதா (10.13): ஐயோ, நான் குழாய்த் தண்ணீர் விட்டு, நிறுத்தாமல் மூன்று நிமிடம் ஓட்டுவேன். ஜாரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

பெரியம்மா (10.24): அங்கேதான் போனது. இப்படிச் செய்து பார். உளுந்தோடு கால் ஸ்பூன் வெந்தயம் போட்டு இரண்டரை மணி நேரம் ஊற வை, கிண்ணத்தை ஃப்ரிட்ஜிலேயே வை. ஊறிய தண்ணீரைக் கொட்டாதே, அதையே அரைக்க விடு, இரண்டு ஐஸ் கட்டியும் போட்டுக்கொள். நடுத்தர ஜாரை எடு. பெரிய ஜாரில் அரை தம்ளர் உளுந்து சுவரில்தான் ஒட்டும், கிரைண்டரில் நடக்கும் அதே கதை. இருபது விநாடி ஓட்டு, நிறுத்து, ஓரத்தை வழித்துவிடு, ஒரு கரண்டித் தண்ணீர் விடு. மொத்தத்தில் முக்கால் தம்ளர் தண்ணீருக்கு மேல் போகாதே. ஜார் சூடாகத் தெரிந்தால் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடரு.

லதா (10.26): எப்போது நிறுத்துவது பெரியம்மா? எனக்கு எப்போதும் அதில்தான் சந்தேகம்.

பெரியம்மா (10.30): ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டு மாவு விடு. மிதந்தால் போதும். முழுகினால் இன்னும் இரண்டு சுற்று. அரிசியைத் தனியாக, இரண்டு தடவையாக, ரவை பதத்துக்கு அரை. அதை உளுந்தோடு சேர்த்து அரைக்காதே. உப்புப் போட்டுக் கையால் கலக்கு. அப்புறம், மிக்சிக்கு அரிசியைக் கொஞ்சம் குறை. அரை தம்ளர் உளுந்துக்கு ஒன்றரை தம்ளர் அரிசி போதும்.

சித்தப்பா (10.41): இதெல்லாம் எதற்கு? லிட்டில் இந்தியாவில் மாவு பாக்கெட்டாகவே கிடைக்கிறதே.

லதா (10.43): சித்தப்பா வாரத்துக்கு மூன்று தடவை அதைத்தான் வாங்குகிறார் 😂

கவிதா (10.50): சரி பெரியம்மா, இன்று சாயங்காலமே செய்கிறேன். தங்கச்சிக்கு என்ன சொல்ல? அந்தக் கிரைண்டர் இங்கே ஓடுமா?

சுரேஷ் அண்ணன் (10.57): ஓடும். இங்கும் அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இந்தியப் பிளக் உருண்டை முள், நம் சுவரில் தட்டை முள். அடாப்டர் வைத்து ஒப்பேற்றாதே, எலக்ட்ரீஷியனை வைத்து நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டு, எர்த் கம்பியை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் சிந்துகிற சாமான். இன்னொன்று, எடை பத்துக் கிலோ பக்கம். தங்கச்சியின் பெட்டியில் வேறு எதுவும் போகாது.

கவிதா (10.59): அவள் புடவைகளை யார் சுமப்பது 😭

ஞாயிற்றுக்கிழமை

கவிதா (காலை 8.05): செய்தியாளர் கவிதா. இரவு ஏழரைக்கு மாவு கலந்து வைத்தேன், பாத்திரத்தில் பாதிதான். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் மூடியைத் தொட்டுவிட்டது! நான் ஏழு மணிக்குத்தான் அவித்தேன், அதற்குள் நடுவில் லேசாக அமுங்கியிருந்தது. இட்லி நேற்றைவிட நன்றாக எழும்பியது. ஆனால் கொஞ்சம் புளிப்பு.

பெரியம்மா (8.14): நம் ஊர் வெக்கைக்குப் பதினொன்றரை மணி நேரம் அதிகம். மேலே குமிழி தெரிந்து, மாவு இரண்டு மடங்கானதும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். இனிமேல் ராத்திரி பத்து மணிக்குக் கலந்து வை, விடியும்போது எழுந்து பார். சொட்டு மிதந்ததா?

கவிதா (8.16): மூன்றாவது சுற்றில் மிதந்தது. ஜாரை நடுவில் ஒரு தடவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஆனால் பெரியம்மா, நீங்கள் ஆட்டுகிற மாவு மாதிரி மல்லிகைப்பூவாக வரவில்லை.

பெரியம்மா (8.20): வராது. கல்லுக்கு மிக்சி ஈடாகாது, அதை நான் மறுக்கவில்லை. விருந்தாள் வந்து ஒரு தம்ளர் உளுந்து ஊற வைக்கிற நாளில்தான் உனக்குக் கல் தேவைப்படும்.

லதா (8.22): ஒன்றேகால் லிட்டர் கிரைண்டர் என்று சின்னதும் இருக்கிறதே. அதில் அரை தம்ளர் உளுந்து பிடிக்குமா?

பெரியம்மா (8.27): எனக்குப் பழக்கமில்லை. இரண்டு லிட்டரைவிட நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. ஆட்டிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுரேஷ் அண்ணன் (8.29): என் நண்பன் வீட்டில் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.

சித்தப்பா (8.40): கேட்கும்போது அதில் மிளகாய் அரைக்கலாமா என்றும் கேள்.