ஏற்காடு ஏன் குளிர்கிறது? ஒரு சிறு துணுக்கை மூன்று முறை மாற்றி எழுதிய அனுபவம்

அம்மாபேட்டை ஆசிரியை:

எங்கள் பள்ளிச் சுவரிதழில் வாரம் ஒரு அறிவியல் துணுக்கு ஒட்டுகிறோம். படிப்பவர்கள் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சென்ற மாதம் ஒட்டியது இது:

"உங்களுக்குத் தெரியுமா? உயரமான இடங்களில் காற்று மெல்லியதாக இருக்கும். அதனால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. எனவேதான் ஏற்காடு குளிர்கிறது."

இடைவேளையில் பக்கத்தில் நின்று கவனித்தேன். ஒரு பையன் முதல் வரியை உரக்கப் படித்தான், "தெரியாது" என்றான், தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில்தான் அது. கேள்விதான் அவனை அங்கே நிற்க வைக்கவில்லை.

அன்றே மாற்றி எழுதினேன். "மலைமேல் ஏறினால் சூரியனுக்கு அருகில் போகிறோம். பிறகு ஏன் குளிர்கிறது?" இந்தக் கேள்விக்குக் கூட்டம் கூடியது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு சிறுமி தோழியிடம், "சூரியன் பக்கத்தில் போனால் சுடும், மலைக்கு மட்டும் அது கிடையாது" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். விடையில் நான் எழுதியிருந்த எதுவும் அவள் மனதில் இல்லை. கேள்வியில் இருந்த தவறான எண்ணம் மட்டும் ஒட்டிக்கொண்டது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா? எப்படிச் சரிசெய்தீர்கள்?

ஏற்காடு தோட்டக்காரர்:

டீச்சர், ஏற்காடு இப்போது முன்புபோல் குளிர்வதில்லை. என் சிறு வயதில் எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது, இப்போது இரண்டு அறைகளில் மாட்டியிருக்கிறோம். மரங்களை வெட்டியதுதான் காரணம் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

ஓமலூர் தன்னார்வலர்:

ஐயா, டீச்சர் கேட்பது வேறு. மலை ஏன் சமவெளியைவிடக் குளிர்கிறது என்பதுதான் கேள்வி.

நான் இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்தபோது இதே கேள்வி வந்தது. மேலே போகும் காற்று விரிகிறது, விரிந்தால் அதிலுள்ள சூடு பெரிய இடத்தில் பரவிவிடுகிறது, அதனால் குளிர்கிறது என்று சொன்னேன். செய்துகாட்ட எளிய வழியும் உண்டு. வாயை அகலத் திறந்து உள்ளங்கையில் ஊதினால் சூடாக இருக்கும். உதட்டைக் குவித்து ஊதினால் குளிரும். குவித்த உதட்டிலிருந்து வரும் காற்று விரிகிறது அல்லவா? பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

தம்பி சொன்னதில் பாதி சரி. விரிவதால் குளிர்கிறது என்பது சரி. ஆனால் "பரவிவிடுகிறது" என்ற சொல்தான் பிழை. காற்று வெறும் வெற்றிடத்தில் தானாகப் பரவினால் ஏறத்தாழ குளிரவே குளிராது. சேலத்திலிருந்து மேலே எழும் காற்று அப்படியா போகிறது? அதைச் சுற்றிலும் வேறு காற்று இருக்கிறது. அதைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டுதான் விரிய வேண்டும். தள்ளுவது ஒரு வேலை. அந்த வேலைக்குத் தன்னிடமுள்ள வெப்பத்தைத்தான் அது செலவழிக்கிறது. "பரவுகிறது" என்பதை எடுத்துவிட்டு "தள்ளுகிறது, செலவழிக்கிறது" என்று போடுங்கள். வேறெதையும் மாற்றாமலே விளக்கம் நேராகிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இந்த இரண்டு சொற்கள் புரியும்.

உதட்டைக் குவித்து ஊதும் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எத்தனையோ வகுப்புகளில் பார்த்துவிட்டேன். வாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட மிகமிகச் சிறிதளவே கூடுதல், அதனால் விரிவால் குளிர்வது கையில் உணரும்படி இருக்காது. குவித்து ஊதும்போது வேகமாகப் போகும் காற்று அறைக்காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கையில் படுவதில் பெரும்பகுதி அந்த அறைக்காற்றுதான், அதோடு தோலின் ஈரமும் காய்கிறது. சோதிப்பதும் எளிது. உள்ளங்கையை உதட்டை ஒட்டினாற்போல் வைத்துக் குவித்து ஊதுங்கள். சூடாகவே இருக்கும். விரிவுதான் காரணம் என்றால் அங்கேயும் குளிர வேண்டுமே.

அதற்குப் பதில் சைக்கிள் பம்ப். வேகமாக இருபது முறை அடித்துவிட்டு அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். அமுக்கினால் சூடாகிறது என்பதைப் பிள்ளை தன் விரலால் அறிகிறது. அதன் மறுபக்கம்தான் விரிந்தால் குளிர்வது.

டீச்சரின் பழைய துணுக்கில் இருந்த "மெல்லிய காற்று வெப்பத்தைப் பிடிக்காது" என்பதற்கும் ஒரு சொல். ஒரு தம்ளர் தண்ணீரில் உள்ள வெப்பம் ஒரு குடத்துத் தண்ணீரில் உள்ளதைவிடக் குறைவு. அதற்காகத் தம்ளர் தண்ணீர் குளிர்ந்துதான் இருக்க வேண்டுமா? குறைவாக இருப்பது வேறு, குளிர்ந்திருப்பது வேறு.

அம்மாபேட்டை ஆசிரியை:

ஐயா, தம்ளர் உவமையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சூரியன் கேள்வியை வைப்பதா, விடுவதா?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

வைக்கலாம் என்பேன், விடையின் முதல் வரியிலேயே உடைத்துவிட்டால். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாம் ஏறும் உயரம் ஒன்றேகால் கிலோமீட்டர்கூட வராது. அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. பூமி ஆண்டுதோறும் ஜனவரி தொடக்கத்தில்தான் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, ஜூலையில் இருப்பதைவிட சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில். அதே ஜனவரியில்தானே நாம் போர்வையைத் தேடுகிறோம்?

நான்காம் வகுப்புச் சிறுவனின் தாய், சூரமங்கலம்:

ஐயா சொல்வது பெரியவர்களுக்குச் சரி. என் மகன் கோடி, லட்சம் என்று வந்ததுமே அடுத்த பக்கம் புரட்டிவிடுவான். அவனே கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் பஸ்ஸில் ஏற்காடு போனோம். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் அவன் மடியில் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான். இருபதாவது தாண்டியபோது பொட்டலம் தலையணைபோல் உப்பி, ஓரத்துச் சுருக்கமெல்லாம் மறைந்து, தட்டினால் டம் டம் என்று கேட்டது. "அம்மா, யார் இதற்குள் காற்று ஊதினார்கள்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. மேலே காற்று அதிகம், உள்ளே புகுந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். தவறு என்று இப்போது தெரிகிறது.

அம்மாபேட்டை ஆசிரியை:

அம்மா, உங்கள் மகன் என் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான்! எங்கள் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். பொட்டலம் மூடியிருக்கிறது, யாரும் ஊதவில்லை, ஆனாலும் உப்புகிறது. தெரிந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சூரியன் கேள்வியிலும் மோதல் இருந்தது, ஆனால் அதில் ஒரு பக்கம் பொய். இதில் இரண்டு பக்கமும் உண்மை.

நான் முதலில் பலூன் என்று யோசித்திருந்தேன். செய்து பார்த்தவர்கள் உண்டா?

ஓமலூர் தன்னார்வலர்:

நான் செய்து ஏமாந்தேன் டீச்சர். சுற்றளவை நூலால் அளந்து பஸ்ஸில் எடுத்துப்போனேன். 60 சென்டிமீட்டர் பலூன் மேலே 62தான் இருந்தது. பிள்ளைகள் "அப்படியேதான் இருக்கிறது" என்றார்கள்.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

அது ஏமாற்றம் இல்லை தம்பி, அவ்வளவுதான் வரும். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கொள்ளளவு அதே அளவுக்குக் கூடினாலும் சுற்றளவு நூற்றுக்கு ஐந்துதான் கூடும். வழியில் பலூன் கொஞ்சம் கசியவும் செய்யும். பொட்டலத்தின் தாள் நீளாது, அதனால்தான் விறைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை டீச்சர். "அப்படியானால் பொட்டலத்துக்குள் இருப்பதும் குளிர்ந்திருக்குமா?" என்று பிள்ளை கேட்கும். அதற்குள் இருக்கும் கொஞ்சக் காற்று மெதுவாக, முக்கால் மணி நேரத்துக்குமேல் ஏறுகிறது. அது இழக்கும் வெப்பத்தை பஸ்ஸும் பையனின் மடியும் திருப்பிக் கொடுத்துவிடும். மலையளவு காற்று எழும்போது நடுவில் இருப்பதற்கு யார் கொடுப்பது? பொட்டலம் விரிவை மட்டும் காட்டுகிறது, குளிர்வைக் காட்டவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அம்மாபேட்டை ஆசிரியை:

இன்று எழுதியது:

"யாருமே ஊதவில்லை. பிறகு ஏற்காடு போவதற்குள் சிப்ஸ் பொட்டலம் எப்படி உப்பியது?

பொட்டலத்துக்குள் இருக்கும் காற்று எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் காற்று உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே போகப் போக, வெளிக்காற்றின் தள்ளல் குறைகிறது. உள்ளே இருப்பது வென்றுவிடுகிறது!

சேலத்தின் சூடான காற்றும் மேலே எழும்போது இப்படித்தான் விரிகிறது. அதற்குப் பொட்டலம் கிடையாது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளித் தள்ளி இடம் பிடிக்கிறது. தள்ளுவதற்குத் தன் வெப்பத்தைச் செலவழிக்கிறது. செலவழித்தால் குறையும்தானே? ஏற்காடு குளிர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்."

ஒரு வகுப்பில் படித்துக் காட்டினேன். யாரும் "தெரியாது" என்று எழுந்து போகவில்லை. ஆனால் ஒரு பையன் எழுந்து, "மலைமேலும் வெயில் அடிக்கிறது, அங்கேயும் பாறை சுடுகிறது, அந்தச் சூடு எங்கே போகிறது?" என்றான். இன்னொருத்தி சுற்றுலாவில் குறித்த அளவைக் காட்டினாள். அடிவாரத்தில் 33 டிகிரி, ஏரிக்கரையில் 38.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

அந்தச் சிறுமி வெப்பமானியை வெயிலில் பிடித்திருப்பாள். வெயிலில் அது காற்றை அளக்காது, தான் எவ்வளவு சுடுகிறது என்பதைத்தான் காட்டும். இரண்டு இடத்திலும் நிழலில், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கட்டும். பகலில் 8 டிகிரி அளவுக்குக் குறைந்திருந்தால் வியப்பில்லை. நாளுக்கு நாள் மாறும்.

பையனின் கேள்வி அருமையானது. பாறை சுடும், அதைத் தொடும் காற்றும் சூடாகும். ஆனால் சேர்வராயன் தனித்து நிற்கும் மலை. அந்தச் சூடான காற்று அங்கே தங்குவதில்லை, அதே உயரத்தில் சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று வீசி வந்து கலந்துவிடுகிறது. பரந்த மேட்டுநிலமாக இருந்தால் இவ்வளவு குளிராது. இதை மூன்றாம் வகுப்புக்கு எழுத வேண்டுமா என்பதில் எனக்கே தெளிவில்லை.

ஏற்காடு தோட்டக்காரர்:

இப்போது கேள்வி புரிந்தது. ஆனால் ஒன்று இடிக்கிறது. மார்கழி விடியற்காலையில் எங்கள் தோட்டத்தில் பள்ளத்துக் காப்பிச் செடிகள் இருக்கும் இடம்தான் நடுக்கும். மேட்டில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களிடம் போனால் கொஞ்சம் இதமாக இருக்கும். மேலே போனால் குளிரும் என்று எழுதியிருக்கிறீர்களே?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

நீங்கள் சொல்வது உண்மை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து, தன்னைத் தொடும் காற்றையும் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காற்று மேலே எழுவதே அப்போது நின்றுவிடுகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

அம்மாபேட்டை ஆசிரியை:

அப்படியானால் கடைசி வரிக்கு முன் "பகல் வேளையில்" என்று சேர்க்கிறேன். பையனின் பாறைக் கேள்வியை விடையில்லாமல் அடுத்த வாரத் துணுக்கின் தலைப்பாக ஒட்டலாமா என்று பார்க்கிறேன்.

நான்காம் வகுப்புச் சிறுவனின் தாய், சூரமங்கலம்:

டீச்சர், மகனிடம் படித்துக் காட்டினேன். "திரும்பி இறங்கும்போது பொட்டலம் சப்பையாகிவிடுமா?" என்று கேட்கிறான். நாங்கள் மேலேயே பிரித்துத் தின்றுவிட்டோம்.