அழிந்துபோன தொகையைப் பூஜ்ஜியமாக எண்ணாமல் கூட்டுவது எப்படி?

நண்பர்களே, காசிமேட்டில் ஒரு விசைப்படகின் ஐஸ் பில்களைப் படமெடுத்து, தொகைகளைப் பிரித்தெடுத்து, பைத்தானின் pandas நூலகத்தில் கூட்டுகிறேன். மூன்று பில்களில் முதலாவது 1,200 ரூபாய், மூன்றாவது 1,800. இரண்டாவதில் ஈரம் பட்டு, தொகை எழுதிய இடம் நீலக் கறையாகிவிட்டது. நிரல் அங்கே 0 போட்டதால் சராசரி 1,000 என்று வந்தது. `fillna(0)` வரியை நீக்கி வெற்றிடமாகவே விட்டேன். தெரிந்த இரண்டின் சராசரி 1,500 கிடைத்தது. ஆனால் மொத்தம் அப்போதும் 3,000தான். `sum()` வெற்றிடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

```python
df["ice"].sum(skipna=False)
```

இப்படி எழுதினாலோ ஒரு பில்லுக்காக மாத மொத்தமே வெற்றிடமாகிறது. செலவைக் குறைத்துக் காட்டினால் ஆட்களுக்குப் பிரிக்கும் பங்கு தவறாகிவிடும். அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. "3,000, ஒரு பில் தெரியவில்லை" என்று இரண்டையும் சேர்த்துக் காட்ட என்ன வழி? 0 என்றே எழுதிய பில் 0 ஆகவே நிற்கவும் வேண்டும்.